மேற்கோள் பின்னணிப் படத்துக்கான பிராம்ப்ட்: வெள்ளவத்தைக் கடல், காலை ஏழு மணி

போயா தினத்தன்று எங்கள் வாசகர் வட்டத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போடுவதற்கு ஒரு பின்னணிப் படம் உருவாக்கவும். அளவு 1080 × 1350, நெடுக்கு வடிவம். அதன் மேல் "அவசரம் வேண்டாம். கடல் எங்கும் போய்விடாது" என்ற வரியைப் பிறகு நானே பதிப்பேன். ஆகவே படத்துக்குள் எந்த மொழியிலும் ஓர் எழுத்துக்கூட இருக்கக்கூடாது. தமிழ் போலத் தோன்றும் கிறுக்கல் அறவே வேண்டாம்.

காட்சி இதுதான்: கொழும்பு வெள்ளவத்தையில், ரயில் பாதைக்கு அப்பால் கிடக்கும் கருங்கற்களின் மேல் நின்று கடலைப் பார்ப்பது. நேரம் காலை ஏழு மணி. இங்கே கடல் மேற்கில் இருப்பதால் காலை வெயில் முதுகுப் பக்கமிருந்துதான் வரும். தண்ணீரில் கண்கூசும் பளபளப்பு இராது. தட்டையான, பால் கலந்ததுபோன்ற அந்த வெளிச்சமே எனக்கு வேண்டும். மாலைச் சூரியனும் ஆரஞ்சு வானமும் வேண்டாம், பார்த்துச் சலித்துவிட்டது.

அடிவானம் கீழிருந்து கால் பங்கு உயரத்தில், கோணாமல், லேசாகக் கரைந்து தெரியட்டும். அதற்கு மேலே முழுவதும் வெறும் வானம். கீழே வலது மூலையில் ஈரம் காயாத ஒரு கல். அதன் விளிம்பில் மட்டும் நுரையின் மெல்லிய கோடு. கல்லில் ஒரு காகம் இருந்தாலும் சரி. ஒன்று போதும், கொழும்பில் அது ஒன்றாக இருப்பதே அதிசயம்.

மேற்பரப்பு, உப்புக்காற்றுப் பட்டு வெளிறிய சுண்ணாம்புச் சுவரைப் போல இருக்கட்டும்: அகலமான தூரிகைத் தடம், மேகம்போல மெல்ல மாறும் நிறம். பொடிப்பொடியான புள்ளிகள் கூடவே கூடாது. போன மாதம் மணல் துகள் தெறித்த பின்னணி ஒன்றில் "பல நாள்" என்று பதித்தோம். ஒரு துகள் சரியாக லகரத்தின் தலையில் உட்கார்ந்து அதைப் "பல் நாள்" ஆக்கிவிட்டது. பல் வைத்தியசாலை விளம்பரமா என்று கேட்டார்கள்.

வானத்துக்கு #E9E2D3, கடலுக்கு #A9B8B5 நிறங்களை ஒட்டியே போகவும். எழுத்தை #2F3A40 நிறத்தில் வைக்கப்போகிறேன். அது வரும் நடுப்பகுதியில் வெளிச்சம் ஏறி இறங்கக்கூடாது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் இடமும் வலமும் கடைசிவரை வெறுமையாக இருக்கட்டும்.

தென்னை, படகு, தாமரைக் கோபுரம், கையை விரித்து நிற்கும் மனிதர், சட்டகம், ஓரத்து இருட்டு எதுவும் வேண்டாம். நான்கு மாதிரிகள் தரவும்: இரண்டில் காகம் இருக்கட்டும், இரண்டில் வேண்டாம்.