80 பாட்டில் ரப்பர் தேன்: தாமதத்திற்கு மன்னிப்பும் உங்கள் முடிவுக்கான விவரமும்

மார்த்தாண்டம்
20.07.2026, திங்கள்

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 20-ம் தேதி நடக்கும் உங்கள் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு வருபவர்களுக்குக் கொடுக்க, அரைக் கிலோ ரப்பர் தேன் 80 பாட்டில் வேண்டும் என்று ஜூன் 29 அன்று சொல்லி, 8,000 ரூபாய் முன்பணமும் அனுப்பினீர்கள். ஜூலை 10-ம் தேதி நாகர்கோவிலில் உங்கள் வீட்டில் சரக்கு இருக்கும் என்று நான் வாக்குக் கொடுத்தேன். பத்து நாள் கடந்துவிட்டது. ஒரு பாட்டில்கூட வரவில்லை. தவறு முழுக்க எங்களுடையது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 11-ம் தேதியும் 15-ம் தேதியும் நீங்கள் போன் செய்தபோது, வண்டி வரத் தாமதம், இரண்டு நாளில் வந்துவிடும் என்று கடைத் தம்பி சொன்னான். அது உண்மையில்லை. அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான், அவன்மேல் வருத்தப்படாதீர்கள். அதற்குள் எங்கிருந்தாவது தேனைத் திரட்டிவிடலாம் என்று நினைத்தேன். சரக்கு தாமதமானதைவிட உங்களிடம் பொய் சொல்ல வைத்ததுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. ஐந்து வருடமாக எங்களிடம் தேன் வாங்குகிறீர்கள். முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் உங்களுக்குப் பத்து நாள் மிச்சமாகியிருக்கும்.

நடந்தது இதுதான். தேன்பெட்டிக்காரர்களிடமிருந்து வரும் தேனைக் கேனோடு எடை போட்டு, கிலோக் கணக்கில் கணினியில் ஏற்றுவோம். வடிகட்டிப் பாட்டிலில் அடைத்த பிறகு பாட்டில் எண்ணிக்கையைக் கூட்டி, கேன் கணக்கில் அந்த அளவைக் கழிக்க வேண்டும். மே மாதக் கடைசியில் 60 கிலோவை 120 பாட்டிலாக அடைத்தோம். பாட்டிலைக் கூட்டினேன், கேன் கணக்கில் கழிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அந்த 60 கிலோ இன்னும் கேனில் இருப்பதாகத் திரையில் பார்த்து, அதையும் அடைத்தாயிற்று என்று நினைத்து, மறுபடியும் 120 பாட்டில் ஏற்றிவிட்டேன். இல்லாத 120 பாட்டில் கணக்கில் ஏறியது இப்படித்தான்.

நீங்கள் ஆர்டர் கொடுத்தபோது நான் திரையை மட்டும் பார்த்துச் சரி என்றேன், அலமாரியைப் பார்க்கவில்லை. ஜூலை 9 மாலை உங்கள் சரக்கைப் பெட்டியில் அடுக்க உட்கார்ந்தபோது கணினி 134 என்று காட்டியது. கையால் எண்ணினால் 14.

வேறு மாதமாக இருந்தால் இதைச் சமாளிப்பது எளிது. உங்களுக்குத் தெரிந்ததுதான், ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. மரம் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விடும்போது இலைக் காம்பின் நுனியில் சுரக்கும் இனிப்பு நீரைத்தான் தேனீ எடுக்கிறது. அந்தப் பருவம் கோடை மழைக்கு முன்பே முடிந்துபோகும். இந்த மழை மாதங்களில் பெட்டியில் இருக்கும் தேனீக்களைக் காப்பாற்ற நாம்தான் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இப்போது புதுத் தேன் கிடையாது, மார்ச் மாதம் எடுத்து வைத்திருப்பவர்களிடம்தான் வாங்க வேண்டும். போன வாரம் ஒருவர் குறைந்த விலைக்கு 50 கிலோ தருகிறேன் என்றார். எந்தத் தோட்டத்துப் பெட்டி, எப்போது எடுத்தது என்று கேட்டதற்குத் தெளிவான பதில் வரவில்லை. அந்தத் தேனை உங்கள் வீட்டு விசேஷத்துக்குத் தர மனம் வரவில்லை, வேண்டாம் என்றுவிட்டேன்.

இனி என்ன செய்யலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் கேட்ட அதே ரப்பர் தேன், அதே அரைக் கிலோ பாட்டில்தான் வேண்டும் என்றால், ஆகஸ்ட் 5 புதன்கிழமை வரை பொறுக்க வேண்டியிருக்கும். அருமனையிலும் பேச்சிப்பாறையிலும் நெடுநாளாக எங்களுக்குத் தேன் தரும் இரண்டு பேரிடம் 35 கிலோ இருக்கிறது. கடையில் இருக்கும் 14 பாட்டிலோடு சேர்த்தால் 80 பாட்டிலுக்கு அது போதும். நேரில் போய்ப் பார்த்து, எடுத்துவைக்கச் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை கடைக்கு வந்துவிடும். ரப்பர் தேனில் ஈரம் அதிகம், அப்படியே அடைத்தால் புளித்து நுரை தள்ளும். ஈரப்பதத்தை 20 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்து, வடிகட்டி, தெளிய விட்டு அடைக்கத்தான் இத்தனை நாள். அவசரப்பட்டு முன்னதாகத் தர நான் விரும்பவில்லை. அப்படியும் பால்காய்ப்புக்கு 15 நாள் முன்பே உங்கள் கையில் இருக்கும்.

காத்திருக்க வேண்டாம் என்றால், இதே ரப்பர் தேன் கால் கிலோ பாட்டிலில் 96 இருக்கிறது. நேற்று நானே இரண்டு முறை எண்ணினேன். ஆளுக்கு ஒரு கால் கிலோ பாட்டில் போதும் என்று நீங்கள் நினைத்தால், 80 பாட்டிலும் நாளை மறுநாள் உங்கள் வீட்டுக்கு வந்துவிடும். ஒன்று 100 ரூபாய். நீங்கள் தந்த 8,000 ரூபாயோடு கணக்கு முடிந்தது, மேற்கொண்டு தர வேண்டியதில்லை.

அரைக் கிலோதான் வேண்டும், உடனேயும் வேண்டும் என்றால் முருங்கைத் தேன் தரலாம். விலை பாட்டிலுக்கு 40 ரூபாய் கூடுதல். உங்களிடம் அதை வாங்க மாட்டேன், பேசிய 190 ரூபாய்தான். நிறமும் ருசியும் வேறு என்பதால் ஒரு சிறு பாட்டில் இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன், வீட்டில் எல்லோரும் ருசித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இவை எதுவும் வேண்டாம், பணத்தைத் திருப்பித் தா என்றாலும் நியாயம்தான். நீங்கள் சொல்லும் அன்றே 8,000 ரூபாயும் ஜிபேயில் அனுப்பிவிடுவேன், ஒரு ரூபாய் பிடித்தம் இல்லை. பாட்டிலில் கட்டுவதற்காக உங்கள் வீட்டுப் பெயரோடு அச்சடித்த 80 அட்டைகளும் தயாராக இருக்கின்றன. எங்களிடம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவை உங்களுடையவை, காசு வேண்டாம். தேன் வாங்கினால் வண்டிக் கூலியும் கிடையாது, நானே கொண்டுவந்து இறக்கித் தருகிறேன்.

வருகிற சனிக்கிழமை, 25-ம் தேதிக்குள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழைய கடை எண்ணுக்கே கூப்பிடுங்கள், நான்தான் எடுப்பேன். அதுவரை அந்த 35 கிலோவையும், கால் கிலோ பாட்டில்களையும், 80 பாட்டில் முருங்கைத் தேனையும் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பேன். உங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் சனிக்கிழமை மாலை நானே கூப்பிடுகிறேன், உங்களைக் கேட்காமல் எதையும் முடிவு செய்ய மாட்டேன்.

கடையிலும் சிலவற்றை மாற்றிவிட்டோம். ஒவ்வொரு கேனுக்கும் எண் எழுதி ஒட்டியிருக்கிறோம். பாட்டிலைக் கூட்டும்போதே அந்தக் கேனில் கழித்தால்தான் பதிவு ஏறும். சனிக்கிழமை கடை சாத்திய பிறகு அலமாரியை எண்ணிக் கணினியோடு ஒத்துப் பார்க்கிறோம். 20 பாட்டிலுக்கு மேல் ஆர்டர் வந்தால், கண்ணால் பார்க்காமல் யாரும் தேதி சொல்லக் கூடாது. அது எனக்கும் சேர்த்துத்தான்.

புது வீட்டு வேலைகளுக்கு நடுவே உங்களுக்கு இந்தக் கவலையையும் கொடுத்ததற்கு மீண்டும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்

இணைப்பு: முருங்கைத் தேன் மாதிரி ஒரு பாட்டில்; அச்சடித்த அட்டை பார்வைக்கு ஒன்று