குகை வீட்டு உறவுகள் குரூப்புக்கு ஒரு வேண்டுகோள்: கட்சி, மத ஃபார்வர்டுகள் இங்கே வேண்டாம்

பெரியப்பா, பெரியம்மா, சித்தப்பா, சித்தி, அத்தைங்க, மாமாங்க, அண்ணன் அண்ணிமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

இது ஃபார்வர்டு இல்லை. நானே உட்கார்ந்து எழுதியது. நீளமாக இருக்கிறது, கோபித்துக்கொள்ளாமல் 'Read more' அழுத்திக் கடைசி வரை படியுங்கள். கடைசியில் அப்பாயி விஷயம் ஒன்று இருக்கிறது, அதற்காகவாவது.

எழுதுவதற்கு முன் நேற்று சாயங்காலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்ப் பெரியப்பாவிடம் நேரில் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டார். "என்னையும் சேர்த்துத்தானே சொல்றே?" என்றார். ஆமாம் பெரியப்பா என்றேன். சிரித்துவிட்டு, "சரி, போடு. யார் பேரையும் போடாதே" என்றார். அதனால் யார் பேரும் இதில் இருக்காது, என் பேரைத் தவிர.

போன மாதம் அப்பாயிக்கு மூச்சு வாங்கிய அன்று நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் குரூப்பில் என்ன நடந்தது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. ஏற்காட்டிலிருந்து சித்தப்பா காரில் அப்பாயியைக் கீழே கூட்டி வந்துகொண்டிருந்தார். மழை வேறு. மலையில் சிக்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், ஒரு வளைவில் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. போன் யாருக்கும் போகவில்லை. 20 கொண்டை ஊசி வளைவில் எங்கேயோ ஒரு இடத்தில் ஒரு கோடு சிக்னல் கிடைக்க, சித்தி குரூப்பில் போட்ட மெசேஜ் மட்டும் போய்விட்டது: "அத்தைக்கு மூச்சுத் திணறுது, கீழ வந்துட்டிருக்கோம், அஸ்தம்பட்டில யாராவது நில்லுங்க." மணி 6.40.

நான் அதைப் பார்த்தது 8.15-க்கு. என் வீட்டிலிருந்து அஸ்தம்பட்டிக்கு வண்டியில் அரைமணி நேரம்கூட ஆகாது.

ஏன் பார்க்கவில்லை என்றால், குரூப்பை மியூட்டில் வைத்திருந்தேன். அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். பிறகு சும்மா விசாரித்தேன். நம் 43 பேரில் நான் கேட்டவரைக்கும் 19 பேர் மியூட்டில் வைத்திருக்கிறார்கள். மியூட்டில் வைக்காத ரெண்டு மூன்று பேருக்கும் மெசேஜ் கண்ணில் படவில்லை. சித்தி அதைப் போட்ட அரைமணி நேரத்துக்குள் அதற்குக் கீழே 27 ஃபார்வர்டுகள் விழுந்திருக்கின்றன. ஒரு தலைவர் இன்னொரு தலைவரைத் திட்டும் வீடியோ, அதற்குப் பதில் வீடியோ, பதினோரு பேருக்கு அனுப்பினால் வெள்ளிக்கிழமைக்குள் நல்ல செய்தி வரும் என்று ஒரு அம்மன் படம்.

அந்த 27-ஐ யார் யார் அனுப்பினார்கள் என்று மேலே போய்த் தேடாதீர்கள். நானும் தேடவில்லை என்று சொல்ல ஆசை. தேடினேன். அதில் ஒன்று நான் அனுப்பியது. நம் தேசிய கீதத்தை உலகத்திலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டது என்கிற அது. யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை, பல வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் புரளி அது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது எனக்கு வந்தது, சாயங்காலம் டீ போடும்போது தட்டிவிட்டேன். மெசேஜுக்கு மேலே இரட்டை அம்புக்குறியும் 'Forwarded many times' என்றும் இருந்தது. குறைந்தது ஐந்து கை மாறி வந்தால்தான் வாட்ஸ்அப் அந்த அடையாளத்தைப் போடும், அதை ஒரே நேரத்தில் பல பேருக்கு அனுப்பவும் விடாது. அதெல்லாம் தெரிந்த நானே அனுப்பினேன். அதனால் யாருக்கும் பாடம் எடுக்க வரவில்லை.

நல்லவேளை, அன்றைக்கு நம்ம சூரமங்கலம் மாமா எதேச்சையாக போனை எடுத்துப் பார்த்து, அப்படியே கிளம்பி ஓடினார். இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிக்க விரும்பவில்லை. அப்பாயி இப்போது நன்றாக இருக்கிறார். நேற்று தட்டுவடை செட் கேட்டு அடம். பல் இல்லையே என்று நான் சொல்லமாட்டேன், தைரியம் இருப்பவர்கள் சொல்லிக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது இதுதான். கட்சி சம்பந்தப்பட்ட ஃபார்வர்டும் மதம் சம்பந்தப்பட்ட ஃபார்வர்டும் இந்த ஒரு குரூப்பில் மட்டும் வேண்டாம். எந்தக் கட்சியானாலும், எந்தச் சாமியானாலும். நமக்குப் பிடித்த பக்கத்தைப் புகழ்ந்து வந்தாலும் சரி, எதிர்ப்பக்கத்தைக் கிண்டல் பண்ணி வந்தாலும் சரி. அது உண்மையா பொய்யா என்கிற விசாரணைக்கே நாம் போக வேண்டாம். உண்மையாகவே இருந்தாலும் இங்கே வேண்டாம்.

நம் வீட்டில் மூன்று நான்கு கரை வேட்டி இருக்கிறது. தாத்தா காலத்திலும் இருந்தது. தறி ஓடும் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டு தாத்தாவும் அவர் தம்பியும் சண்டை போடுவார்கள், அப்புறம் ஒரே தட்டில் முறுக்கு எடுத்துச் சாப்பிடுவார்கள். நேருக்கு நேர் பேசினால் முகம் தெரியும், எங்கே நிறுத்துவது என்று தெரியும். போனில் வரும் வீடியோவுக்கு முகம் இல்லை. அதை எழுதியவன் யாரோ, எந்த ஊரோ, நம் வீட்டு மனுஷர் பேரில் வந்து விழுகிறது. பழசைக் கிளறவில்லை, ஆனால் ஒரு வளைகாப்பில் ரெண்டு பேர் ரெண்டு பந்தியில் தனித்தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். அதற்குக் காரணமான வீடியோவில் என்ன இருந்தது என்று இன்றைக்குக் கேட்டால் அந்த ரெண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

சாமி விஷயம் இன்னும் கொஞ்சம் நாசூக்கானது. காலையில் முருகன் படம் பார்த்துத்தான் காபி குடிப்பேன் என்பவர்கள் நம் வீட்டில் உண்டு, எனக்கும் முருகன்தான். ஆனால் இந்தக் குரூப்பில் 43 பேரும் ஒரே சாமியைக் கும்பிடுபவர்கள் இல்லை. மருமகளாக வந்தவர்கள், மருமகனாக வந்தவர்கள், கும்பிடாதவர்களும் இருக்கிறார்கள். ஒரு சாமியின் படம் வந்தால் யாரும் ஒன்றும் நினைக்கப்போவதில்லை. அதோடு சேர்ந்து இன்னொரு மதத்தைப் பற்றி ரெண்டு வரி வருகிறது பாருங்கள், அங்கேதான் நம் வீட்டு ஆள் ஒருத்தர் பதில் பேசாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அனுப்புகிறவர் கடைசி வரை படித்திருக்கவே மாட்டார், படத்தைப் பார்த்து அனுப்பியிருப்பார். அது எனக்கும் தெரியும்.

இன்னொன்று சின்ன விஷயம். பெரியம்மா போனில் இடமே இல்லை. பேரன் முதல்முதலாக நடந்த வீடியோவைத் தம்பி அனுப்பியும் ஒரு வாரம் திறக்கவில்லை. நான் உட்கார்ந்து அழித்தேன், கிட்டத்தட்ட எல்லாமே இந்தக் குரூப்பிலிருந்து இறங்கிய வீடியோக்கள். அழித்து முடித்த பிறகு பேரன் நான்கு எட்டு வைத்து விழுந்ததைப் பெரியம்மா பதினாலு தடவை பார்த்தார்.

எதெல்லாம் போடலாம் என்று கேட்பீர்கள். ஆடிப் பண்டிகைக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலில் நீங்கள் எடுத்த படம், தாராளமாக. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போன கூட்டத்தில் குழந்தை செருப்பைத் தொலைத்த கதை, கட்டாயம். கிறிஸ்துமஸ் கேக், பொங்கல் பானை, வீட்டு விசேஷம் எதுவும். வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிறதா பாருங்கள் என்று நினைவூட்டுவதும் நல்லதுதான், யாருக்குப் போட வேண்டும் என்பதுதான் வேண்டாம். நம் கையால் எடுத்தது, நம் வாயால் சொன்னது என்றால் பெரும்பாலும் பிரச்சினையே வராது.

ஃபார்வர்டு அனுப்பாமல் இருக்க முடியாது என்பவர்களுக்கு ரெண்டு குரூப் தொடங்கியிருக்கிறேன். ஒன்று 'திண்ணை', அரசியலுக்கு. சூரமங்கலம் மாமாதான் அட்மின், விடிய விடியப் பேசுங்கள். இன்னொன்று 'பூஜை அறை'. அம்மாபேட்டை அத்தை அட்மின். காலைப் படம், பாட்டு, பிரதோஷ நேரம் எல்லாம் அங்கே. நானும் பூஜை அறையில் இருக்கிறேன். லிங்க் ரெண்டும் அடுத்த மெசேஜில் வரும், விருப்பப்பட்டவர்கள் சேரலாம். யாரையும் நானாகச் சேர்க்கமாட்டேன், சேராதவர்களை ஏன் என்று கேட்கவும் மாட்டேன்.

பழக்கதோஷத்தில் யாராவது இங்கே ஏதாவது தட்டிவிடத்தான் செய்வோம், முதல் ஆளாக நானாகக்கூட இருக்கலாம். அப்போது யாரும் திட்ட வேண்டாம், விளக்கமும் கேட்க வேண்டாம். ஒரு சின்னப் படம் மட்டும் போட்டால் போதும், அனுப்பியவர் புரிந்துகொண்டு அழித்துவிடட்டும். சேலத்துக்காரர்கள் ஆயிற்றே, மாம்பழம் போடலாம் என்றேன். "அது ஒரு கட்சியோட சின்னம் அக்கா" என்றான் தம்பி. சரி, இலை? பூ? சூரியன்? எதைத் தொட்டாலும் யாராவது வந்து நிற்கிறார்கள். கடைசியில் காபி டம்ளர் என்று முடிவு செய்திருக்கிறோம், ஏற்காட்டுச் சித்தப்பாவுக்கும் மரியாதை. அதைச் சுயேச்சை யாராவது சின்னமாக வாங்கினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இதில் யார் மனதாவது வருத்தப்பட்டால் குரூப்பில் எழுத வேண்டாம், எனக்கு போன் பண்ணுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் சும்மாதான் இருப்பேன். சின்னப் பெண் பெரியவர்களுக்குச் சொல்ல வந்துவிட்டாள் என்று தோன்றினால் அதையும் போனிலேயே சொல்லித் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். நான் குரூப்பை மியூட்டிலிருந்து எடுத்துவிட்டேன். நீங்களும் எடுத்துவிடுங்கள்.

இப்போது அப்பாயி விஷயம். வரும் வியாழக்கிழமை காலை 10 மணிக்கு மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டும். புதன்கிழமை சாயங்காலமே சித்தப்பா கீழே கூட்டி வந்துவிடுவார், ராத்திரி எங்கள் வீட்டில்தான். பழைய ஈ.சி.ஜி. எடுத்த காகிதம் ஆத்தூர் மாமாவிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன், மாமா, கொஞ்சம் தேடிப் பாருங்கள். எனக்கு அன்றைக்கு லீவு இல்லை, பதினொன்றரைக்கு ஆபீஸில் இருக்க வேண்டும். டாக்டரிடமிருந்து அப்பாயியைத் திரும்பக் கூட்டி வர யாருக்கு முடியும்? காரில் முன் சீட்டில்தான் உட்காருவேன் என்று சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
கொண்டலாம்பட்டி சின்னக்குட்டி
(34 வயதாகியும் இந்தப் பேரை மாற்றமாட்டீர்கள், அது தனிக் குரூப்பில் பேச வேண்டிய விஷயம்)