ஆபீஸ் லைசன்ஸ்: எதை வாங்குவது, எவ்வளவு, ஏன்
(ஈரோடு தணிக்கை அலுவலகம், 12 பேர், பங்குதாரர் கூட்டத்துக்கான ஸ்லைடு)

பரிந்துரை: வழி 2. எக்செல்லில் மேக்ரோ ஓட்டும் 5 பேருக்கு மட்டும் முழு லைசன்ஸ், அதாவது மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் ஸ்டாண்டர்ட். மற்ற 7 பேருக்கு மெயில், வெப், மொபைல் பதிப்புகள் மட்டும் உள்ள பேசிக். அவர்களில் கடிதம் அடிக்கும் 4 பேரின் கணினியில் இலவச லிப்ரே ஆபீஸ். வெளிவேலை பார்க்கும் 3 பேருக்கு மொபைலே போதும்.

ஏன் இப்போது: நம்மிடம் இருக்கும் ஆபீஸ் 2016-க்கான பாதுகாப்பு அப்டேட் ஆதரவு 14.10.2025-ல் முடிந்துவிட்டது. கட்சிக்காரர்களின் பான், வங்கிக் கணக்கு விவரங்கள் எல்லாம் அந்தக் கணினிகளில்தான் இருக்கின்றன.

| வழி | 3 ஆண்டுச் செலவு | எங்கே இடிக்கும் |
|---|---|---|
| 1. 365 பிசினஸ் ஸ்டாண்டர்ட், 12 பேர் | ₹3,32,640 | 7 பேருக்கு டெஸ்க்டாப் எக்செல் தேவையே இல்லை |
| 2. ஸ்டாண்டர்ட் 5 + பேசிக் 7 + லிப்ரே ஆபீஸ் 4 கணினி | ₹1,81,140 | கடிதங்களின் வடிவம் சற்றுக் கலையலாம் |
| 3. ஆபீஸ் 2024 ஒரே தவணை, 9 கணினி + மெயிலுக்கு பேசிக் 12 | ₹2,91,240 | அக்டோபர் 2029-ல் ஆதரவு முடியும் |
| 4. எல்லோருக்கும் லிப்ரே ஆபீஸ் + பேசிக் 12 | ₹1,40,640 | மேக்ரோக்களைத் திருத்தி எழுத வேண்டும் |

விற்பனையாளரின் விலைப்புள்ளி, ஜிஎஸ்டி நீங்கலாக: ஸ்டாண்டர்ட் ஆண்டுக்கு ₹9,240, பேசிக் ₹1,740, ஆபீஸ் 2024 கணினிக்கு ₹25,400. வழி 2-ல் பயிற்சி ₹6,000. வழி 4-ல் பயிற்சி ₹18,000, மேக்ரோ திருத்த ₹60,000. 18% ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் பணம் முதலில் கையிலிருந்துதான் போகும்: வழி 2-ல் லைசன்ஸுக்கு முதல் ஆண்டு ₹68,888.

வழி 4 ஏன் வேண்டாம்: ₹40,500 மிச்சம் உண்மைதான். ஆனால் வி.பி.ஏ. மேக்ரோ லிப்ரே ஆபீஸில் அரைகுறையாகத்தான் ஓடும், எக்செல்லின் வெப் பதிப்பில் ஓடவே ஓடாது. செப்டம்பர் 30 கெடுவுக்கு முந்தைய வாரம் ஒரு .xlsm கோப்பு தவறான கூட்டுத்தொகை காட்டினால் அந்த மிச்சத்துக்கு அர்த்தமில்லை.

வழி 3-ல் மறைந்திருக்கும் சிக்கல்: லைசன்ஸ் அதை ஆக்டிவேட் செய்த மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். ஊழியர் தம் சொந்த மெயிலில் ஆக்டிவேட் செய்துவிட்டு வேலையை விட்டுப் போனால் மீட்பது பெரும்பாடு.

வழி 2-ன் ஆண்டுப் பயன் (பயிற்சி நீங்கலாக)
பென்டிரைவில் கோப்பு மாற்றும் நேரம் மிச்சம்: 9 பேர் × நாளுக்கு 10 நிமிடம் × மாதம் 25 நாள் × 12 மாதம், மணிக்கு ₹150. அதில் பாதியை மட்டும் கணக்கில் எடுத்தால் ₹33,750
இப்போதைய மெயில் சேவை நிற்பதால் ₹14,400
செலவு ₹58,380
பயனைக் கழித்தபின் கையிலிருந்து போவது ₹10,230. பாதுகாப்புக்காக நாம் கொடுக்கும் விலை இவ்வளவுதான். இது நியாயமான விலை.

வாங்கும்போது: ஆண்டு ஒப்பந்தத்தில் இடையில் லைசன்ஸ் கூட்டலாம், முதல் 7 நாளுக்குப் பிறகு குறைக்க முடியாது. அதனால் ஸ்டாண்டர்ட் 5 மட்டும் வாங்குவோம். சீசனுக்கு வரும் பயிற்சி மாணவர்களுக்கு மாத ஒப்பந்தம். நிர்வாகி கணக்கு அலுவலகப் பெயரிலேயே இருக்கட்டும், விற்பனையாளரிடம் வேண்டாம். லிப்ரே ஆபீஸில் அடித்த கடிதம் வெளியே போகும்போது பிடிஎஃப் ஆகவே போகட்டும்.