ஆர்டர் எண் 40718265: படத்தில் தெரியாத விளிம்பு உடைப்பு குறித்துப் புகார்

விற்பனையாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் வாங்கிய அடர்நீலப் பீங்கான் பூச்சாடி மார்ச் 12 அன்று வந்து சேர்ந்தது. அதன் வாய் விளிம்பில் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருக்கிறது. அன்றைக்கே படம் எடுத்து அனுப்பினேன். “வழியில் உடைந்திருக்கலாம், அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருகிறோம்” என்று பதில் வந்தது. கூப்பன் எனக்கு வேண்டாம். இந்த ஜாடி வழியில் உடையவில்லை. நீங்கள் படம் பிடித்தபோதே இப்படித்தான் இருந்திருக்கிறது.

பெட்டி எங்கும் நசுங்கவில்லை, சுற்றியிருந்த பபிள் ராப்பும் கலையவில்லை. எல்லாவற்றையும் பிரித்து உதறிப் பார்த்தும் ஒரு துணுக்குகூட விழவில்லை. பயணத்தில் பெயர்ந்த சில்லு என்றால் ஒட்டிய பெட்டிக்குள்தானே கிடந்திருக்க வேண்டும்? அப்புறம், புதிதாக உடைந்த பீங்கான் விரலைக் கீறும். இதன் ஓரமோ மழுங்கிப்போய், மெல்லிய பழுப்புக் கோடாக அழுக்கேறியிருக்கிறது. ஈரத்துணியால் தேய்த்தும் அந்தக் கோடு போகவில்லை.

இனி உங்கள் படங்களுக்கு வருகிறேன். விற்பனைப் பக்கத்தில் நான்கு படங்கள் இருக்கின்றன. முதல் மூன்றில் பின்னணி தூய வெள்ளை. ஜாடியின் மேல்பூச்சு நீலம். பூச்சுக்கு அடியில் இருக்கும் மண் வெள்ளை. ஆக, பூச்சு பெயர்ந்த இடமும் வெள்ளைதான். அதை வெள்ளைப் பின்னணியில் வைத்தால் எது உடைப்பு, எது பின்னணி என்று யாருக்குத் தெரியும்? இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வட்டமாக வளைந்து வரும் விளிம்பு வலது பக்கம் வந்ததும் அளவுகோல் வைத்து வெட்டியதுபோல் சிறிது தூரம் நேராகப் போகிறது. விளிம்பு முழுக்க இருக்கும் கரும்புள்ளிகள் அந்த இடத்தில் மட்டும் இல்லை. வழவழவென்று ஒரே நீலம். ஜாடியை என் மேசையில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். சில்லு பெயர்ந்திருப்பது சரியாக அதே இடத்தில்.

நான்காவது படத்தில் சுவரை மட்டும் வெள்ளையாக்கிவிட்டு, மேசையையும் அதன்மேல் விழுந்த நிழலையும் அப்படியே விட்டிருக்கிறீர்கள். அந்த நிழலில் ஜாடியின் வாய்ப்பகுதியில் ஒரு பள்ளம் தெரிகிறது. படத்திலுள்ள ஜாடியில் இல்லாத பள்ளம் நிழலுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

“பின்னணியைத்தான் மாற்றினோம், பொருளைத் தொடவில்லை, எல்லாக் கடைகளிலும் செய்வதுதான்” என்று உங்கள் இரண்டாவது பதிலில் சொல்லியிருந்தீர்கள். பின்னணியை மாற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கலைந்து கிடக்கும் அலமாரிக்கு முன்னால் வைத்து ஜாடியைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் பின்னணியை நீக்க வேண்டுமென்றால் பொருள் எங்கே முடிகிறது என்று ஓரத்தைச் சுற்றி வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டும்போது ஓரத்தை மழுப்பினால் பொருளையே தொட்டதாகத்தான் அர்த்தம். மென்பொருள் தானாகச் செய்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஜாடியைத் துடைத்து, பபிள் ராப் சுற்றி, பெட்டியில் வைத்தது ஒரு மனிதர்தானே? வாயைத் தடவியிருந்தாலே தெரிந்திருக்கும். விவரக் குறிப்பிலும் “புதியது, குறையற்றது” என்றுதான் போட்டிருக்கிறீர்கள். சிறு உடைப்பு உண்டு என்று ஒரு வரி எழுதி, அதற்கேற்ற விலை வைத்திருந்தால் ஒருவேளை வாங்கியிருப்பேன். குறையைப் பார்த்து முடிவு செய்யும் வாய்ப்பே எனக்குக் கிடைக்கவில்லை.

எனவே நான் கேட்பது இதுதான். செலுத்திய முழுத் தொகையையும், அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்து, பணம் செலுத்திய அதே வழியில் திருப்பித் தர வேண்டும். ஜாடியை எடுத்துச் செல்ல உங்கள் செலவில் ஆள் அனுப்ப வேண்டும். மாற்று ஜாடி அனுப்புவதாக இருந்தால், வேறு ஜாடிதான் என்று தெரியும்படி, வாய்ப்பகுதியைச் சாதாரண வெளிச்சத்தில் எடுத்த, திருத்தாத படத்தை முதலில் அனுப்புங்கள்; பார்த்துவிட்டுச் சொல்கிறேன். இப்போதுள்ள நான்கு படங்களையும் விற்பனைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். திரும்பி வரும் இந்த ஜாடியை அதே படங்களைப் போட்டு இன்னொருவர் தலையில் கட்டிவிடாதீர்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 7 நாட்களுக்குள் பதில் வேண்டும். வராவிட்டால் விற்பனைத் தளத்தின் புகார்ப் பிரிவுக்கும், பணம் செலுத்திய அட்டையை வழங்கிய வங்கிக்கும் எழுதுவேன். உங்கள் பக்கத்தில் இப்போதுள்ள படங்களைத் தேதியோடு சேமித்து வைத்திருக்கிறேன். படங்களை நீக்கினாலும் அவை என்னிடம் இருக்கும்.

விளிம்பை அருகில் எடுத்த மூன்று படங்கள், பிரிக்காத பெட்டியின் படம், நிழலில் பள்ளம் தெரியும் இடத்தில் வட்டம் போட்ட உங்கள் நான்காவது படம் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஜாடியைப் பழையபடி பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். எடுக்க வருபவர் மாலை 6 மணிக்கு மேல் வந்தால் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
மாலதி