கோடுகள் பிரியும் இடம்: ட்ரெய்னிங், வேலிடேஷன் வளைவுகளைப் படிப்பது

ஸ்லைடு 1: நம் கையில் இருப்பது
கையெழுத்து எண்கள், 0 முதல் 9 வரை. ட்ரெய்னிங்குக்கு 1,200 படங்கள், வேலிடேஷனுக்கு 300. இரண்டு லாஸ் கோடுகளையும் ஒரே படத்தில், ஒரே அளவில் வரையுங்கள். தனித்தனிப் படங்களாகப் போட்டால் இடைவெளி கண்ணில் படாது.

ஸ்லைடு 2: அண்டர்ஃபிட்டிங்
இரண்டு கோடுகளும் ஒட்டியபடி, ஆனால் உயரத்திலேயே நிற்கும். எது உயரம்? பத்து வகைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால் லாஸ் ln(10), அதாவது சுமார் 2.30. நம் முதல் மாடல் 1.9-லேயே படுத்துவிட்டது. ட்ரெய்னிங் படங்களையே அது கற்கவில்லை. இங்கே டேட்டாவை மட்டும் கூட்டிப் பயனில்லை. மாடலைப் பெரிதாக்குங்கள், ரெகுலரைசேஷனைக் குறையுங்கள், லேர்னிங் ரேட்டை மாற்றிப் பாருங்கள். கோடு இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் அவசரப்படாமல் ஓடவிடுங்கள்.

ஸ்லைடு 3: ஓவர்ஃபிட்டிங்

| எபோக் | ட்ரெய்னிங் லாஸ் | வேலிடேஷன் லாஸ் |
|---|---|---|
| 5 | 0.91 | 0.98 |
| 14 | 0.38 | 0.62 |
| 25 | 0.12 | 0.85 |
| 40 | 0.04 | 1.31 |

14-வது எபோக்கில் ஏற்கெனவே இடைவெளி இருக்கிறது. அது மட்டும் குற்றமில்லை. வேலிடேஷன் அப்போதும் இறங்கித்தான் வந்தது. கவனிக்க வேண்டியது திருப்பம்: ஒன்று இறங்க, மற்றது ஏறத் தொடங்கும் இடம். ஒரே ஒரு எபோக்கில் ஏறினால் பதற வேண்டாம், 300 படங்களில் அந்த அளவு ஆட்டம் சகஜம்.

ஸ்லைடு 4: அக்யூரசி குறையவில்லையே?
எல்லோரும் தடுமாறும் இடம் இது, நிதானமாகப் பார்ப்போம். 14-வது எபோக்கில் 246 படங்கள் சரி. 40-வதில் 249. ஆனால் லாஸ் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது!

தவறான படங்களில்தான் விஷயம் இருக்கிறது. சரியான விடைக்கு மாடல் 0.1 வாய்ப்பு கொடுத்தால் அந்தப் படத்தின் லாஸ் 2.3. 0.001 கொடுத்தால் 6.9. விடை தவறுதான், இரண்டிலும். இரண்டாவதில் மாடல் அடித்துச் சொல்லித் தவறுகிறது. அக்யூரசிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. மாடல் தரும் வாய்ப்பு எண்ணை நம்பி முடிவெடுக்கப் போகிறீர்கள் என்றால், 40-வது எபோக் மாடலைத் தொடாதீர்கள்.

ஸ்லைடு 5: வேலிடேஷன் கோடு கீழே இருந்தால்
ட்ராப்அவுட் ட்ரெய்னிங்கில் மட்டும் இயங்கும், வேலிடேஷனில் இயங்காது. மேலும் ட்ரெய்னிங் லாஸ் பெரும்பாலும் எபோக் முழுவதன் சராசரி. வேலிடேஷன் எபோக் முடிந்தபின் அளந்தது. இவை காரணமில்லை என்றால், ஒரே படம் இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஸ்லைடு 6: நிறுத்தும் இடம்

```python
EarlyStopping(monitor="val_loss", patience=5,
              restore_best_weights=True)
```

நம் ஓட்டத்தில் இது 19-வது எபோக்கில் நிறுத்தி, 14-வதின் எடைகளைத் திருப்பித் தரும். restore_best_weights=True-ஐ விட்டால் கையில் கிடைப்பது 19-வதின் எடைகள்.