நம் ஆன்லைன் கடையின் வாரக் கணக்கு: செப்டம்பர் 22 முதல் 28 வரை, 2025

எல்லோருக்கும் வணக்கம்.

திங்களன்று வர வேண்டிய கணக்கை வேண்டுமென்றேதான் செவ்வாய்க்குத் தள்ளினேன். ஞாயிற்றுக்கிழமை விவரங்கள் கூகுள் அனலிட்டிக்ஸில் முழுதாகப் படிய ஒன்றிரண்டு நாள் ஆகிறது. அவசரமாக எடுத்தால் ஞாயிறு எப்போதும் மந்தமான நாள் போலத் தெரியும். இனி செவ்வாய்தான் நம் கணக்கு நாள்.

முதலில் எல்லோரும் கேட்கும் கேள்வி: விற்பனை ஏறியதா? ஏறியது போலத் தெரிகிறது, ஏறவில்லை. போன வாரம் ₹73,440, இந்த வாரம் ₹92,300. இதில் ₹18,000 ஒரே ஆர்டர். கும்பகோணத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு மாப்பிள்ளை சம்பாவும் செக்கு நல்லெண்ணெயும் போயின. மனசுக்கு நிறைவான ஆர்டர், ஆனால் அடுத்த வாரமும் அது வரும் என்று நம்பி எதையும் திட்டமிட முடியாது. அதைக் கழித்தால் ₹74,300. போன வாரம் 68 ஆர்டர், இந்த வாரம் 71. சமமாகப் போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைப் பக்கத்துக்கு வந்தவர்கள் 2,140 பேர், போன வாரம் 2,060. இதிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

மூன்று விஷயங்களில் இந்த வாரமே கை வைக்க வேண்டும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்குப் பட்டது ஒன்றுதான்: ஆள் வராதது நம் குறையில்லை. வாங்கும் எண்ணத்தோடு வந்தவர்களைத்தான் வாசலில் தவறவிடுகிறோம். தீபாவளி 20-ஆம் தேதி. இன்னும் மூன்று வாரம்கூட இல்லை.

1. கூரியர் கட்டணத்தைக் கடைசிப் பக்கத்தில்தான் சொல்கிறோம்

318 பேர் ஏதாவது ஒரு பொருளைக் கூடையில் போட்டார்கள். முகவரி கொடுக்கும் பக்கம் வரை வந்தவர்கள் 236. முகவரியை நிரப்பிவிட்டு, கூரியர் கட்டணம் தெரியும் பக்கத்துக்கு வந்தவர்கள் 198. பணம் கட்டியவர்கள் 71.

அதாவது பெயர், வீட்டு எண், தெரு, பின்கோடு, போன் நம்பர் எல்லாம் பொறுமையாக அடித்த 127 பேர் கடைசிப் படியில் திரும்பிப் போயிருக்கிறார்கள். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர் பின்கோடு அடிக்க மாட்டார். அதனால் பாதியில் நின்ற அந்த 127 ஆர்டர்களையும் கடையின் நிர்வாகப் பக்கத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இரண்டு மாலை ஆனது.

ஊர் காரணம் இல்லை, பொருளும் காரணம் இல்லை. கூடையின் தொகைதான் காரணம். ₹700-க்குக் கீழே வாங்க வந்தவர்கள் 105 பேர், அதில் முடித்தவர்கள் 19. ₹700-க்கு மேலே வாங்க வந்தவர்கள் 93 பேர், அதில் முடித்தவர்கள் 52. மேலே பாதிக்கு மேல் வாங்குகிறார்கள், கீழே ஐந்தில் ஒருவர்கூட இல்லை. ₹420-க்கு ஒரு கிலோ கவுனியும் கொஞ்சம் நாட்டுச் சர்க்கரையும் எடுத்தவருக்கு, கடைசியில் கூரியர் ₹110 என்று வந்தால் எப்படி இருக்கும்? கால் பங்குக்கு மேல் கூடுதல், அதுவும் முன்னால் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல். நான் அந்த இடத்தில் இருந்தாலும் போனைக் கீழே வைத்துவிடுவேன்.

செல்வி அக்கா அவர்களில் ஆறு பேரிடம் போனில் பேசினார்கள். நாலு பேர் கூரியரைத்தான் சொன்னார்கள். ஒருவர் வேலையில் மறந்துவிட்டாராம், ஒருவருக்கு ஜிபே சிக்கிக்கொண்டதாம். ஆறு பேரை வைத்து முடிவு கட்டக் கூடாதுதான், ஆனால் கணக்கு சொல்வதும் அவர்கள் சொல்வதும் ஒன்றாக இருக்கிறது.

செய்ய வேண்டியது: ஒவ்வொரு பொருளின் விலைக்குக் கீழேயும் கூரியர் எவ்வளவு என்று ஒரே வரியில் போட வேண்டும். தமிழ்நாட்டுக்குள் இவ்வளவு, பெங்களூருக்கு இவ்வளவு, அவ்வளவு போதும். வெப்சைட் பார்க்கும் தம்பிக்கு ஒரு மணி நேர வேலை. வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடலாம்.

கூரியரை இலவசமாக்கலாமா என்று முருகேசன் அண்ணன் கேட்டார். இப்போது வேண்டாம் என்பது என் எண்ணம். அரிசி கனமான சரக்கு. ஐந்து கிலோ பை ஒன்றை இலவசமாக அனுப்பினால் அதில் நமக்கு நிற்பது ரொம்பக் கொஞ்சம். முதலில் உள்ளதை முன்னாடியே சொல்லிப் பார்ப்போம்.

ஒரு எச்சரிக்கை: இதைச் செய்ததும் கூடையில் போடுகிறவர்கள் எண்ணிக்கை குறையலாம். 318 என்பது 260 ஆனால் பயப்பட வேண்டாம். கட்டணம் பிடிக்காதவர்கள் முதலிலேயே விலகிவிடுவார்கள், அவ்வளவுதான். நாம் பார்க்க வேண்டியது கடைசிப் பக்கத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர் முடிக்கிறார்கள் என்பதை மட்டும். இப்போது 198-க்கு 71.

2. கவுனிக் கஞ்சிப் பக்கத்தைப் படித்துவிட்டுச் சும்மா போகிறார்கள்

போன வருஷம் செல்வி அக்கா எழுதிய கருப்புக் கவுனிக் கஞ்சிக் குறிப்புதான் இன்று நம் கடையின் பெரிய வாசல். கூகுளில் தேடி அந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் மட்டும் இந்த வாரம் 640 பேர். மொத்தக் கூட்டத்தில் பத்துக்கு மூன்று பேர். சர்ச் கன்சோலில் அவர்கள் அடித்த சொற்களைப் பார்த்தேன்: `karuppu kavuni kanji`, `kavuni rice soaking time`, "கருப்பு கவுனி அரிசி எப்படி சமைப்பது". ராத்திரியே ஊற வைக்க வேண்டும் என்பது தெரியாமல், காலையில் குக்கரில் போட்டுவிட்டு விசில் எண்ணிக்கொண்டு நிற்பவர்கள் இவர்கள். அக்கா பொறுமையாக எழுதியது அவர்களுக்கு உண்மையிலேயே உதவுகிறது. சராசரியாக இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக அந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். நம் கடையில் வேறு எந்தப் பக்கத்திலும் இவ்வளவு நேரம் யாரும் நிற்பதில்லை.

அந்த 640 பேரில் அரிசி வாங்கியவர்கள் 4.

காரணத்தை என் போனில் திறந்து பார்த்தபோதே புரிந்துவிட்டது. வாங்கும் பொத்தான் பக்கத்தின் அடியில் இருக்கிறது. படங்கள், குறிப்பு, கேள்வி பதில் எல்லாம் தாண்டிப் போக வேண்டும். பக்கத்தின் 90 சதவீதம் வரை உருட்டியவர்களை அனலிட்டிக்ஸ் தனியாகக் கணக்கெடுக்கிறது. அவர்கள் 70 பேர்தான். மீதி 570 பேருக்கு நாம் அரிசி விற்கிறோம் என்பதே தெரியாமல் போயிருக்கலாம்.

செய்ய வேண்டியது: ஊற வைக்கும் நேரம் சொல்லும் பத்தி முடிந்த உடனே ஒரு படமும் ஒரு பொத்தானும். குறிப்பில் வேறு எதையும் தொட வேண்டாம். தலைப்பையும் முதல் பத்தியையும் மாற்றினால் கூகுளில் உள்ள இடம் ஆடக்கூடும்.

எதை விற்பது என்பதில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அரைக் கிலோ பாக்கெட்டை வைத்தால் மேலே சொன்ன கூரியர் பள்ளத்தில் அவர்களையும் கொண்டுபோய்த் தள்ளுகிறோம். ஒரு கிலோ கவுனி, ஒரு கிலோ பூங்கார், ஒரு கிலோ நாட்டுச் சர்க்கரை சேர்த்து ₹700-க்கு மேல் வருகிற மாதிரி "கஞ்சி செட்" ஒன்று கட்டலாமா? விலையை முருகேசன் அண்ணனும், பேக்கிங்கை செல்வி அக்காவும் சொல்ல வேண்டும். குடோனில் கவுனி எவ்வளவு இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். பொத்தானை வைத்துவிட்டு "இருப்பு இல்லை" என்று காட்டினால் வைக்காமல் இருப்பதே மேல்.

3. வாட்ஸ்அப் விற்கிறது, ஆனால் கணக்கில் அதன் பெயர் இல்லை

வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்கு இரண்டு பிராட்காஸ்ட் பட்டியலிலுமாக 412 பேருக்குச் செய்தி போனது. அன்று 7 முதல் 10 மணி வரை 17 ஆர்டர். மற்ற நாட்களில் ஒரு முழு நாளுக்கே எட்டு ஒன்பதுதான். ஆனால் அனலிட்டிக்ஸில் வாட்ஸ்அப் என்று ஒரு வரிகூட இல்லை. அந்த நேரத்தில் "Direct" என்ற வரிசையில் 96 பேர் ஏறியிருக்கிறார்கள். Direct என்றால் நேராக வந்தவர்கள் என்று நினைக்க வேண்டாம், எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாதவர்கள் எல்லாம் அதற்குள்தான் விழுவார்கள்.

இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு ₹3,500 செலவு. 780 பேர் வந்தார்கள். ஆர்டர் 3. 780 பேரில் 190 பேர்தான் பத்து விநாடிக்கு மேல் நின்றோ வேறு பக்கம் திறந்தோ பார்த்திருக்கிறார்கள்.

இதைப் பார்த்ததும் விளம்பரத்தை நிறுத்தச் சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் விளம்பரம் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் வந்து கேட்டு வாங்கியவர் இந்தக் கணக்கில் தெரிய மாட்டார். அதனால் இரண்டு வாரத்துக்குப் பாதியாகக் குறைப்போம். யார் எங்கிருந்து வந்தார் என்று தெரிந்த பிறகு முடிவெடுப்போம்.

தெரிய வேண்டுமானால் அனுப்பும் இணைப்பின் வாலில் இதை ஒட்ட வேண்டும்:

```
?utm_source=whatsapp&utm_medium=broadcast&utm_campaign=deepavali2025
```

இன்ஸ்டாகிராமுக்கு இப்படி:

```
?utm_source=instagram&utm_medium=paid&utm_campaign=deepavali2025
```

எல்லாம் சின்ன எழுத்தில். ஒரு நாள் `WhatsApp`, மறுநாள் `whatsapp` என்று போட்டால் இரண்டு தனித்தனி இடங்களாகக் கணக்கெடுக்கும். யாரும் கையால் அடிக்க வேண்டாம், ஒட்டிய இணைப்புகளை நம் குரூப்பில் பின் செய்து வைக்கிறேன், அங்கிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. நம் நம்பரை போனில் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போகும். பார்சலுக்குள் வைக்கும் சீட்டில் "எங்கள் நம்பரைப் பதிந்து வையுங்கள்" என்று ஒரு வரி சேர்த்தால் செலவே இல்லை.

மற்றவை

அனலிட்டிக்ஸ் 83 ஆர்டர் என்று காட்டுகிறது, பேமென்ட் கணக்கில் 71. நான் எழுதியிருப்பது 71-ஐத்தான். நன்றி சொல்லும் பக்கத்தை மறுபடி திறக்கிறபோதெல்லாம் ஆர்டர் இன்னொரு முறை பதிவாவது போலத் தெரிகிறது. ஆர்டர் எண்ணை `transaction_id` ஆக அனுப்பினால் சரியாகும், தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

கொலு சுண்டலுக்காகக் கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் நன்றாகப் போயின. விஜயதசமியோடு அது அடங்கும், அதை நம்பி அதிகச் சரக்கு எடுக்க வேண்டாம்.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் கூடியது போல வரைபடம் காட்டுகிறது. இதைக் கண்டுகொள்ள வேண்டாம். மொபைல் நெட்வொர்க் வழியாக வருகிறவரின் ஊரை அது பல சமயம் தப்பாகக் காட்டும். பார்சல் முகவரிகளில் சென்னை கூடவில்லை.

நாளை ஆயுத பூஜை, நாளை மறுநாள் விடுமுறை. அதனால் விலைக்குக் கீழே கூரியர் கட்டணம் போடுவது வெள்ளி மாலைக்குள், கஞ்சி செட் விலை சனிக்கிழமைக்குள், பொத்தான் ஞாயிறு. வெள்ளி இரவு பிராட்காஸ்ட் புது இணைப்போடு போகட்டும். அனுப்பும் முன் ஒருவராவது தன் போனில் திறந்து, கூடையில் போட்டு, கூரியர் கட்டணம் வரை போய்ப் பார்த்துவிடுங்கள். 7-ஆம் தேதி செவ்வாய் மாலை 4 மணிக்கு குடோனில் உட்காருவோம், 198-க்கு 71 என்பது என்ன ஆனது என்று முதலில் பார்ப்போம்.