அப்பா, அம்மாவுக்கு: ஆகஸ்ட் முதல் எங்கள் சம்பளக் கணக்கு

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

கார்த்தியும் நிவேதாவும் எழுதுவது. ஃபோனில் பேசினால் பாதியில் பேச்சு வேறு எங்காவது போய்விடும். அப்பா நிதானமாக இரண்டு முறை படிக்கட்டும், அம்மாவுக்கும் வாசித்துக் காட்டட்டும் என்றுதான் கடிதம்.

வரும் ஆகஸ்ட் மாதத்திலிருந்து எங்கள் இரண்டு பேர் சம்பளத்தையும் நாங்களே வைத்துப் பார்த்துக்கொள்ளப் போகிறோம். அவரவர் சம்பளம் அவரவர் கணக்கில் இருக்கும். வீட்டுக்கு வரும் பணம் நிற்காது. இதுவரை நீங்கள் எடுத்துச் செலவு செய்தீர்கள், இனி நாங்கள் அனுப்புவோம், அவ்வளவுதான்.

எவ்வளவு என்பதை அப்பாவின் நீல அட்டை நோட்டைப் பார்த்துத்தான் போட்டோம். போன முறை வந்தபோது ஆறு மாதப் பக்கங்களைப் படம் எடுத்து வைத்திருந்தோம். மளிகை, காய்கறி, பால், மருந்து, கரண்ட், கேஸ், மொய் எல்லாம் சேர்த்து மாதம் சராசரி 26,500 ரூபாய். இதில் மருந்து மட்டும் 2,800. அப்பாவின் பென்ஷன் 14,500. துண்டு விழுவது 12,000. அந்த 12,000 ஒவ்வொரு மாதமும் 3ஆம் தேதி அம்மாவின் கணக்குக்கு வங்கியிலிருந்து தானாகவே வந்துவிடும். 1ஆம் தேதி வைக்காததற்குக் காரணம் உண்டு. மாதக் கடைசி விடுமுறையில் விழுந்தால் சம்பளம் ஏற ஒரு நாள் தள்ளலாம். கணக்கில் பணம் இல்லாத நேரத்தில் தானியங்கி உத்தரவு ஓடினால் அந்த மாதம் பணம் போகாமலே நின்றுவிடும். ஏப்ரல் தோறும் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, விலைவாசிக்கு ஏற்றபடி தொகையை மாற்றலாம்.

வீட்டுக் கடன் தவணை 13,400 எப்போதும்போல கார்த்தி கணக்கிலிருந்து 5ஆம் தேதி போகும். உண்மையில் இந்த ஏற்பாட்டுக்கு முதல் காரணமே அந்தத் தவணைதான். ஒரே கணக்கில் அப்பாவிடம் ஒரு ஏ.டி.எம். கார்டு, இங்கே எங்கள் செலவு, நடுவில் தவணை என்று இருந்தால், யார் எவ்வளவு எடுத்தார்கள் என்பது எடுத்த பிறகுதான் தெரியும். 4ஆம் தேதி சாயங்காலம் அப்பா 8,000 எடுத்து, அன்றைக்கே நாங்கள் வாடகை கட்டினால், 5ஆம் தேதி தவணை திரும்பிவிடும். அபராதம் ஒரு பக்கம். தவணை தவறியது கடன் வரலாற்றில் ஏறினால் நாளைக்கு இன்னொரு கடன் கேட்கும்போது அதுதான் முதலில் கண்ணில் படும். அதுபோக, ஒருவர் கார்டை இன்னொருவர் பயன்படுத்துவதை வங்கி ஏற்பதில்லை. ஏதாவது மோசடி நடந்தால் 'பின் நம்பரை ஏன் கொடுத்தீர்கள்' என்று கையை விரித்துவிடுவார்கள்.

நாங்கள் இரண்டு பேரும் பணத்தை ஒன்றாகப் போடாமல் ஏன் தனித்தனியாக வைக்கிறோம் என்று அம்மா கேட்பாள். கார்த்தி பணத்தை நிவேதா பெயரில் டெபாசிட் போட்டால் அந்த வட்டி கார்த்தி வருமானத்தோடுதான் சேரும். பின்னால் எது யாருடையது என்று பிரிப்பது தலைவலி. அதனால் ஆளுக்கு 18,000 ஒரு கூட்டுக் கணக்கில் போடுகிறோம். வாடகை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் அதிலிருந்து. 52,000 சம்பளத்தில் வீட்டுக்கும் தவணைக்கும் கூட்டுக் கணக்குக்கும் போக கார்த்தி கையில் நிற்பது 8,600. அதுதான் சேமிப்பு, அதுதான் கைச்செலவு.

மாமா, அத்தை, இந்த இடத்திலிருந்து நிவேதா எழுதுகிறேன். என் சம்பளம் 46,000. கூட்டுக் கணக்குக்கு 18,000, என் படிப்புக் கடன் தவணை 9,500, எங்கள் அம்மா வீட்டுக்கு 6,000. மறைத்துச் செய்து பிறகு தெரியவருவதைவிட நானே சொல்வது நல்லது என்றுதான் இதை எழுதுகிறேன். பிரியாவின் கடைசி வருஷ ஃபீஸுக்காக 4,000 ரூபாய் ஆர்.டி. போட்டிருக்கிறேன். அது அவள் படிப்புக்கு மட்டும். 'மருமகள் வந்தாள், பையன் கணக்கைப் பிரித்தான்' என்று யாராவது சொல்வார்கள். சொன்னால், இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு, கணக்கு எழுதியே கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள் அத்தை.

அவசரத்துக்கு என்று 50,000 ரூபாயை உங்கள் இருவர் பெயரிலும் இருக்கும் கணக்கில் இந்த மாதமே போட்டுவிடுகிறோம். இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறையில் இருப்பதால் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தாலும் மற்றவர் எடுக்கலாம். எங்களைக் கேட்க வேண்டாம், எடுத்த பிறகு சொன்னால் போதும். குறைந்ததை நாங்கள் நிரப்புவோம். மெடிக்ளெய்ம் பிரீமியத்துக்குக் கூட்டுக் கணக்கில் மாதம் 3,200 தனியாக ஒதுக்குகிறோம். விண்ணப்பத்தில் அப்பாவின் சர்க்கரையை மறைக்காமல் எழுத வேண்டும். ஏஜென்ட் 'போடாதீங்க சார்' என்றாலும் கேட்காதீர்கள். மறைத்தால், கட்டிய பணமும் வீண், க்ளெய்மும் வராது.

பிள்ளைகள் அனுப்பும் பணத்துக்கு வரி வருமோ என்று அப்பாவுக்குக் கவலை வேண்டாம். பிள்ளைகளிடமிருந்து பெற்றோர் பெறும் பணத்துக்கு வருமான வரி கிடையாது. அதை டெபாசிட் போட்டு வரும் வட்டிதான் உங்கள் கணக்கில் வரும்.

கைமாற்று விஷயம் ஒன்று. இதுவரை சொந்தத்தில் யார் கேட்டாலும் 'பையன் கணக்கில் இருக்கு' என்று அப்பா வாக்குக் கொடுத்துவிடுவார். இனி 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் வாக்குக் கொடுக்கும் முன் எங்களுக்கு ஒரு ஃபோன். முடியும் என்றால் நாங்களே நேராக அனுப்புகிறோம். முடியாது என்றால், 'பசங்க கையில இல்லையாம்' என்று பழியை எங்கள் மேல் போட்டுவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம்.

பி.எஃப். நாமினியில் அப்பா பெயர் மாறும். கல்யாணத்துக்கு முன் கொடுத்த நியமனம் கல்யாணம் ஆனதும் செல்லாது என்பது பி.எஃப். விதி, அதனால் புதிதாக நிவேதா பெயரைப் பதிய வேண்டும். கார்த்தியின் டேர்ம் பாலிசியில் அம்மாவுக்குப் பாதி, நிவேதாவுக்குப் பாதி.

மாற்றும் வரிசைதான் முக்கியம், அவசரப்பட்டால் ஏதாவது ஒன்று அறுந்துவிடும். அப்பாவின் எல்.ஐ.சி. காலாண்டு பிரீமியம் இப்போது கார்த்தி கணக்கிலிருந்து போகிறது. அடுத்தது செப்டம்பரில். முதலில் அதைப் பென்ஷன் கணக்குக்கு மாற்றப் படிவம் கொடுக்க வேண்டும், புது அனுமதி பதிவாகச் சில வாரம் பிடிக்கும். அந்த பிரீமியத் தொகையை அந்தந்தக் காலாண்டில் 12,000-க்கு மேல் சேர்த்து அனுப்புவோம். அடுத்து, அப்பா ஃபோனில் இருக்கும் யு.பி.ஐ.யில் பென்ஷன் கணக்கை இணைத்து, கரண்ட் பில் ஒன்றைக் கட்டிப் பார்க்க வேண்டும். இவை இரண்டும் சரியான பிறகுதான் கார்த்தி கணக்கில் பதிந்திருக்கும் அப்பாவின் ஃபோன் நம்பரை மாற்றுவோம். அதுவரை ஓ.டி.பி. எல்லாம் அப்பாவுக்குத்தான் வரும், யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், வங்கியிலிருந்து என்றாலும்.

26ஆம் தேதி சனிக்கிழமை காலை வருகிறோம். இரண்டாவது, நாலாவது சனி வங்கி விடுமுறை, அதனால் திங்கட்கிழமையும் லீவு போட்டிருக்கிறோம். அப்பா ஆதார், பான் கார்டு, பென்ஷன் பாஸ்புக், எல்.ஐ.சி. கடைசி ரசீது நான்கையும் எடுத்து வைத்தால் ஒரே நடையில் முடிந்துவிடும். பழைய ஏ.டி.எம். கார்டை அதுவரை வைத்திருங்கள், ஜூலைச் செலவுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தொகை போதாது என்று தோன்றினால் எந்த வரியில் போதாது என்று நோட்டில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வையுங்கள், அன்றைக்கே பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
கார்த்தி, நிவேதா